பக்கத்து ஊர்க்காரர் கூகுளில் என்ன தட்டுகிறார்? ஆர்.ஓ. சர்வீஸ் கடைக்குக் கீவேர்டு எடுப்பது எப்படி

ராமநாதபுரத்தில் ஆர்.ஓ. சர்வீஸ் செய்யும் கடை ஒன்று புதிதாக வெப்சைட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். "குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் விற்பனை மற்றும் சேவை", "மெம்பிரேன் மாற்றித் தரப்படும்", "வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்". எல்லாம் சரியான வார்த்தைகள்தான், கடைக்காரர் தினமும் பேசுகிற வார்த்தைகள். ஆனால் உச்சிப்புளியில் ராத்திரி எட்டு மணிக்கு, மெஷினில் சத்தம் மட்டும் வந்து தண்ணி வராமல் நிற்கிற மனுஷர் போனை எடுத்து `ro thanni varala` என்றுதான் தட்டுகிறார். அவருக்கு மெம்பிரேன் என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் தட்டிய அந்த மூன்று சொல்தான் கீவேர்டு. கீவேர்டு என்றதும் ஏதோ தனி லிஸ்ட் தயாரித்து வெப்சைட்டுக்குள் எங்கேயோ ஒளித்து வைப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு இடம் முன்பு இருந்தது. `meta keywords` என்று சொல்வார்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009-ல் அறிவித்துவிட்டது. இப்போது கீவேர்டு என்றால் ஒருவர் தேடும்போது உண்மையில் தட்டுகிற வாக்கியம், அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்கு உங்கள் பக்கம் பதில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் வாக்கியம் என்னவென்று தெரிய வேண்டும்.

இதற்கு எல்லோரும் முதலில் போகிற இடம் கூகுள் ஆட்ஸில் இருக்கிற `Keyword Planner`. இடத்தை ராமநாதபுரம் என்று குறித்துவிட்டு `ro service` என்று கொடுத்துப் பாருங்கள். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்காக இருந்தால் மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்ற சரியான எண்ணைக் காட்டாது, `10 – 100` மாதிரி அகலமான ஒரு வரம்பைத்தான் காட்டும். நம் ஊர் அளவுக்கு இறங்கிவிட்டால் பாதி வாக்கியத்துக்கு அதுவும் வராது. `ro thanni varala` என்று போட்டால் எண்ணே இல்லை. இதைப் பார்த்துவிட்டு "யாரும் தேடவில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு மாதத்தில் நாலு பேர் தேடுகிற வாக்கியம் அந்தக் கருவிக்கு வெறும் தூசு. சர்வீஸ் கடைக்கு அது நாலு வேலை.

ஆக, கருவியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். போனில் ஷீட் திறந்தாலும் சரி. கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரித்தால் போதும்: எந்த ஊர், எப்படி வந்தார் (போனா, வாட்ஸ்அப்பா), அவர் சொன்னது அப்படியே, கடைசியில் என்ன வேலை செய்தோம். மூன்றாவது பத்திதான் உயிர். நாலாவது பத்தி எதற்கு என்று கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

"அப்படியே" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது. கீழக்கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, ஃபில்டர் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடியும் தண்ணி கரிக்குது" என்கிறார். போனை எடுத்த மெக்கானிக் நோட்டில் "கீழக்கரை, மெம்பிரேன்" என்று எழுதி வைக்கிறார். அவர் வேலைக்கு அது போதும். நமக்குத் தேவையானது அந்த நிமிஷத்திலேயே தொலைந்துபோனது, "மறுபடியும் தண்ணி கரிக்குது" என்பது. நோட்டைப் புரட்டும்போது மூன்றாவது பத்தியில் பாகங்களின் பெயர்களாகவே இருந்தால், எழுதியவர் மொழிபெயர்த்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் வாயில் சாலினாய்டு வால்வு என்று வரவே வராது, "வேஸ்ட் தண்ணி நிக்காம போய்க்கிட்டே இருக்கு" என்றுதான் வரும்.

எங்கிருந்தெல்லாம் இந்த வாக்கியங்கள் கிடைக்கும்? மூன்று இடம், மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதல் தரம் வாட்ஸ்அப். கையால் தட்டியது என்பதால் தேடும்போது தட்டுவதற்கு மிக அருகில் இருக்கும். அதே எழுத்துக்கூட்டல், அதே ஆங்கில எழுத்துத் தமிழ். கடை நம்பருக்கு வந்த பழைய உரையாடல்களைத் திறந்து, ஒவ்வொருவரும் அனுப்பிய முதல் செய்தியை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். இதில் ஒரு சின்ன விஷயம் குறுக்கே வரும். பல வெப்சைட்டில் வாட்ஸ்அப் பட்டனை அமுக்கினால் செய்தி ஏற்கெனவே எழுதப்பட்டு வரும். லிங்க் இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Hi%20I%20need%20service
```

வருகிறவர் அதை அப்படியே அனுப்பிவிடுவார், அவருடைய சொந்த வாக்கியம் நமக்குக் கிடைக்காது. `?text=` தொடங்கிக் கடைசி வரை இருப்பதை நீக்கிவிடுங்கள். பெட்டி காலியாக வரட்டும், அவர் தட்டட்டும்.

இரண்டாவது தரம் போன் பேச்சு. இதில் சொற்கள் கிடைக்கும், ஆனால் பேசுகிற மாதிரியே யாரும் தட்டுவதில்லை. போனில் நீளமாகச் சொல்கிற கதை, தேடும்போது மூன்று நான்கு சொல்லாகச் சுருங்கிவிடும். மைக் பட்டனை அமுக்கிப் பேசித் தேடுகிறவர்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் குறைவு. அவர்களுடைய தேடல் பல நேரம் தமிழ் எழுத்திலேயே விழும், பேச்சுத் தமிழில்.

மூன்றாவது, நேரடியாகக் கேட்பது. எந்த நாள் வருகிறோம் என்று பேசி முடித்த பிறகு, "அண்ணே, நம்ம நம்பர் எப்படிக் கிடைச்சுச்சு? கூகுள்னா என்னன்னு போட்டுத் தேடினீங்க?" என்று கேட்டால் போதும். "ஆர்.ஓ. சர்வீஸ்னு போட்டீங்களா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் ஆமா என்றுதான் சொல்வார்கள், அந்த ஆமாவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஞாபகம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், நோட்டில் காலியாக இருக்கட்டும்.

இப்போது நாலாவது பத்திக்கு வருகிறேன். நோட்டு கொஞ்சம் நிரம்பிய பிறகு அது எப்படி இருக்கும் என்று காட்டச் சில வரிகளை எழுதிப் பார்க்கலாம்.

உச்சிப்புளி, வாட்ஸ்அப். `ro thanni varala motor sound mattum varuthu`. செய்த வேலை: முன்னால் இருக்கும் ஃபில்டர் சேறு அடைத்திருந்தது, மாற்றினோம்.

கீழக்கரை, போன். "ஃபில்டர் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடியும் தண்ணி கரிக்குது." செய்த வேலை: மெம்பிரேன் போய்விட்டது.

மண்டபம், வாட்ஸ்அப். `ro waste water nikkama poguthu`. செய்த வேலை: சாலினாய்டு வால்வு.

தேவிபட்டினம், வாட்ஸ்அப். `uppu thanni filter rate`. செய்த வேலை: குளிக்கிற தண்ணிக்குக் கேட்டிருக்கிறார், மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் சாஃப்ட்னர்.

ராமநாதபுரம், வாட்ஸ்அப். `uppu thanni filter venum`. செய்த வேலை: குடிக்கிறதுக்கு, புது ஆர்.ஓ.

ராமேசுவரம், லாட்ஜ், போன். "ஆர்.ஓ. பிளான்ட் சர்வீஸ் பண்ணுவீங்களா?" செய்த வேலை: மணிக்கு 250 லிட்டர் ஓடுகிற பெரிய மெஷின்.

கடைசி வரியிலேயே ஒன்று புரியும். வீட்டுக்காரர் ஃபில்டர் என்கிறார், ஆர்.ஓ. என்கிறார். லாட்ஜ்காரர் பிளான்ட் என்கிறார். ஒரே பக்கத்தில் இருவருக்கும் பதில் சொல்லப் பார்த்தால் இருவருமே இது நமக்கில்லை என்று போய்விடுவார்கள், அதனால் பிளான்டுக்குத் தனிப் பக்கம்.

அதைவிட முக்கியமானது தேவிபட்டினமும் ராமநாதபுரமும். இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத் தட்டியிருக்கிறார்கள், வேலை முற்றிலும் வேறு. நம் கடற்கரைப் பக்கம் போர் தண்ணி பல இடங்களில் உப்பு, அதனால் எந்தத் தண்ணிப் பிரச்சினையையும் "உப்புத் தண்ணி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்பவருக்குத் தொல்லை தருவது சுண்ணாம்புச் சத்து, அதாவது தண்ணியின் கடினத்தன்மை. அதற்குச் சாஃப்ட்னர். வாயில் வைத்தால் கரிக்கிறது என்பவருக்குக் கரைந்த உப்பை எடுக்க வேண்டும், அதற்கு ஆர்.ஓ. மெம்பிரேன்தான் வேண்டும். சாஃப்ட்னர் வைத்தால் கரிப்பு போகாது. இந்த வித்தியாசம் வாடிக்கையாளருக்குத் தெரியாது, கீவேர்டு கருவிக்கும் தெரியாது, நோட்டின் நாலாவது பத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படியென்றால் `uppu thanni filter` என்று தேடி வருகிறவருக்கு என்ன காட்டுவது? வந்தவுடனே விலைப்பட்டியலைக் காட்டினால் பாதிப் பேருக்குத் தப்பான சாமானாக இருக்கும். "உப்புத் தண்ணிக்கு ஃபில்டர்: குடிக்கவா, குளிக்கவா?" என்று ஒரு பக்கம் போடுங்கள். முதல் பத்தியிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டு இரண்டுக்கும் தனித்தனியாக வழி காட்டுங்கள். டி.டி.எஸ். மீட்டர் என்ன காட்டுகிறது என்று அங்கேயே விளக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரத்தில், ஐ.எஸ். 10500-ல், டி.டி.எஸ்., அதாவது தண்ணியில் கரைந்திருக்கிற பொருள்களின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. தன் வீட்டு போர் தண்ணியை அளந்து பார்த்தவருக்கு இந்த இரண்டு எண்ணே எவ்வளவோ புரிய வைக்கும். மீட்டர் வீட்டில் இல்லாதவர் உங்களைக் கூப்பிட அதுவே காரணமாகிவிடும். இப்படி ஒரு பக்கத்தை எழுத முடிந்தது ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வேலை இருந்ததை நோட்டு காட்டியதால்தான்.

ஆகவே நோட்டில் இருப்பதை வரிசைப்படுத்தும்போது சொல்லை வைத்துக் கூட்டாதீர்கள், வேலையை வைத்துக் கூட்டுங்கள். `thanni varala`, `water not coming ro`, "ஆர்.ஓ.ல தண்ணி வரல" மூன்றும் எழுத்தில் வேறு, வேலையில் ஒன்று. ஒரே பக்கம் போதும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் போடுவது வீண், கூகுளுக்கும் அது பிடிக்காது.

அடுத்தது சரிபார்ப்பு. கூகுள் பெட்டியில் `ro thanni` என்று மெதுவாகத் தட்டி நிறுத்துங்கள், கீழே விரிகிற யோசனைகள் உண்மையான தேடல்களிலிருந்து வருபவை. நோட்டில் இருக்கும் வாக்கியம் அங்கேயும் வந்தால் தெம்பாக எடுத்துக்கொள்ளலாம். வரவில்லை என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். யோசனைகள் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதால் சென்னையில் இருக்கிற வெப்சைட்காரர் பார்த்துச் சொல்வதைவிட மண்டபத்தில் இருக்கிற உங்கள் மச்சான் போனில் பார்ப்பது நல்லது. `Incognito` விண்டோவில் பார்த்தால் பழைய தேடல்களின் பாதிப்பு குறையும், இடம் மட்டும் அப்போதும் கூகுளுக்குத் தெரியும்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் பலர் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற ஆளைத் தேடும்போது நிறையப் பேர் ஊர்ப் பெயரே போடுவதில்லை, `ro service near me` என்று போடுவார்கள், அல்லது அந்த `near me` கூட இல்லாமல். போன் எங்கே இருக்கிறது என்று பார்த்து கூகுளே பக்கத்துக் கடைகளைக் காட்டும். அதனால் உங்கள் பக்கத்தில் "என் அருகில் ஆர்.ஓ. சர்வீஸ்" என்று எழுதி வைப்பதால் பலனில்லை. ஊர் போட்டுத் தேடுகிறவர்களில் `ramnad` என்று போடுகிறவரும் இருப்பார், `ramanathapuram` என்று போடுகிறவரும் இருப்பார், இரண்டு பெயரும் பக்கத்தில் இயல்பாக ஓரிரு இடத்தில் வந்தால் போதும். `kilakarai`, `keelakarai` போன்ற எழுத்துக்கூட்டல் வித்தியாசங்களை கூகுள் பெரும்பாலும் தானே புரிந்துகொள்ளும். பக்கத்தின் அடியில் பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி, சாயல்குடி என்று ஊர்களை வரிசையாகக் கொட்டி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஊர்ப் பெயர்களை இப்படிக் குவிப்பதை கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. ஊரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை நகல் எடுப்பதும் அதே கணக்குத்தான். மேப்பில் இருக்கிற கடைப் பெயரோடு "பெஸ்ட் ஆர்.ஓ. சர்வீஸ் ராம்நாடு" என்று ஒட்ட வைப்பதும் விதிக்கு மாறானது, புகார் போனால் பெயரை மாற்றிவிடுவார்கள் அல்லது கணக்கையே நிறுத்திவிடுவார்கள். எந்தெந்த ஊருக்குப் போவீர்கள் என்று சொல்ல, மேப்பில் உங்கள் கடையைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சேவைப் பகுதி என்று தனி இடமே இருக்கிறது, 20 இடம் வரை குறிக்கலாம்.

சரி, வாக்கியம் கிடைத்தது, எழுதுவது எந்த மொழியில்? வாடிக்கையாளர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார் என்பதற்காகப் பக்கம் முழுவதையும் அப்படி எழுதினால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். என் வழக்கம் இதுதான்: தலைப்பில் பேச்சுத் தமிழைத் தமிழ் எழுத்தில் வைப்பேன், கூடவே எல்லோரும் தட்டுகிற `RO service` என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு தடவை சேர்ப்பேன், விளக்கத்தைச் சாதாரணத் தமிழில் எழுதுவேன். உதாரணத்துக்கு:

```html
<title>ஆர்.ஓ.வில் தண்ணி வரலையா? RO service, ராமநாதபுரம்</title>
<h1>மோட்டார் சத்தம் வருது, தண்ணி வரலையா?</h1>
```

கீழே முதல் பத்தியில் என்ன காரணமாக இருக்கலாம், வீட்டிலேயே எதைப் பார்க்கலாம் (மெஷினுக்குப் போகிற குழாய் திறந்திருக்கிறதா, மேல் தொட்டியில் தண்ணி இருக்கிறதா), எப்போது ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். மெம்பிரேன், சாலினாய்டு வால்வு என்கிற பெயர்கள் அதற்குப் பிறகு வரட்டும். அவர் சொன்ன வார்த்தையில் ஆரம்பித்து உங்கள் வார்த்தைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்க வேண்டும்.

பக்கம் போட்டு, கூகுள் அதைச் சேர்த்த பிறகு இரண்டு இடத்தில் பலன் தெரியும். பிசினஸ் புரொஃபைலில் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் கடையைப் பார்த்தார்கள் என்று மாதம் ஒரு தடவை காட்டும், மாதத் தொடக்கத்தில் புதுப்பிப்பார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் சரியான எண்ணுக்குப் பதில் `< 15` என்று இருக்கும். நம் அளவுக் கடைக்குப் பெரும்பாலான வரிகள் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம், வாக்கியத்தை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தருகிற சர்ச் கன்சோல், இலவசம். அதில் `Performance` பகுதியில் `Queries` என்பதைத் திறந்தால் எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துத் தமிழுக்கு ஒரே மாதிரி எழுத்துக்கூட்டல் கிடையாது என்பதால் ஃபில்டரில் `Custom (regex)` என்பதைத் தேர்ந்தெடுத்து இதைப் போடுங்கள்:

```
thanni|thani|tanni|water|தண்ணி|தண்ணீர்
```

நடுவில் இருக்கிற கோடு "அல்லது" என்று அர்த்தம், இதில் ஏதாவது ஒன்று இருக்கிற எல்லாத் தேடலும் ஒரே இடத்தில் வந்துவிடும். நிறையத் தடவை தெரிந்தும் யாரும் அமுக்காத வாக்கியம் இருந்தால், தலைப்பு அந்த ஆளின் கேள்வியைத் தொடவில்லையா, அல்லது பக்கம் ரொம்பக் கீழே தெரிகிறதா என்று `Position` பத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சர்ச் கன்சோல் வந்துவிட்டது என்று நோட்டைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. மிகக் குறைவான பேர் தேடுகிற வாக்கியங்களைத் தனியுரிமைக்காக அது காட்டாமல் மறைத்துவிடும், நம் ஊர்த் தேடல்களில் நிறைய இப்படித்தான் காணாமல் போகின்றன. அதோடு, உங்கள் பக்கம் எந்தத் தேடலுக்குத் தெரிந்ததோ அதை மட்டும்தான் அது காட்டும். நீங்கள் தெரியாமலே போன தேடல் அதில் எப்படி வரும்? வேஸ்ட் தண்ணி நிற்காமல் போகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத கடைக்கு அந்தத் தேடல் சர்ச் கன்சோலில் அநேகமாக வராது. ஆனால் மண்டபத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும்.

நோட்டிலும் சரி, சர்ச் கன்சோலிலும் சரி, உங்களுக்குச் சம்பந்தமில்லாத வாக்கியமும் வந்து சேரும். `ro water can` என்று தேடுகிறவருக்கு வேண்டியது 20 லிட்டர் கேன் வீட்டுக்கு வருவது. தேடல் எண்ணிக்கை அதிகமாகத் தெரிகிறதே என்று அதற்கும் பக்கம் போட்டால், கேன் கேட்டு நாள் முழுக்கப் போன் அடிக்கும், மெக்கானிக் ஏணியில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வாக்கியத்துக்குப் பக்கம் வேண்டாம். தொடர்புப் பக்கத்தில் "மெஷின் சர்வீஸ் மட்டும், கேன் சப்ளை இல்லை" என்று நம்பருக்கு மேலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.